அவர்களே, அவர்களுக்கு, அவர்களை

பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் பள்ளி ஆண்டு விழா தொடங்கிவிடும். பந்தல்காரரிடம் முன்பணம் கொடுத்தாயிற்று, நடனத்துக்கு உடை தைக்கக் கொடுத்தாயிற்று, பரிசுக் கோப்பைகளும் வந்துவிட்டன என்ற நிலையில்தான் யாருக்காவது நினைவு வரும்: "வரவேற்புரை யார் பேசுறது?" பிறகு ஒரு மாணவியைப் பிடிப்பார்கள். குரல் நன்றாக இருக்கிறது, பயப்பட மாட்டாள் என்பதுதான் தகுதி. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தமிழாசிரியரின் மேசைக்கு வருவாள். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்.

சென்ற முறை வந்தவள் ஒன்பதாம் வகுப்பு. அவள் அக்கா சில ஆண்டுகளுக்கு முன் பேசிய உரையைப் பெயர் மட்டும் மாற்றி எழுதி வந்திருந்தாள். "படிச்சுக் காட்டும்மா" என்றேன். இப்படித் தொடங்கினாள்: "விழாத் தலைவர் அவர்களே வருக வருக என வரவேற்கிறேன். இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் வரவேற்கிறேன்."

இரண்டு வாக்கியம், இரண்டிலும் பிழை. மேடைக்கு மேடை நான் கேட்கும் பிழைகள்தான் இவை. அவளை நிறுத்தி, தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, வெற்றுத்தாளில் மூன்று சொல் எழுதிக் கொடுத்தேன்: அவர்களே, அவர்களுக்கு, அவர்களை. வரவேற்புரையின் எலும்புக்கூடு இந்த மூன்றுதான்.

முதலில் விளிக்க வேண்டும். கூப்பிடுவதுதான் விளி. தமிழில் அது எட்டாம் வேற்றுமை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று இதற்காகவே ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. எந்தப் பெயரை எப்படிக் கூப்பிடலாம், எந்த எழுத்து நீளும், எது திரியும் என்று அங்கே வகுத்திருக்கிறார்கள். மேடைத் தமிழுக்கு அத்தனையும் வேண்டாம். 'அவர்கள்' என்ற மரியாதைச் சொல்லோடு ஏகாரம் சேர்ந்தால் போதும். தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே. இங்கே நாம் யாரையும் வரவேற்கவில்லை, நம் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது வணக்கம். இது நான்காம் வேற்றுமை கேட்கும்: யாருக்கு வணக்கம்? அவர்களுக்கு. அனைவருக்கும் வணக்கம்.

மூன்றாவதுதான் வரவேற்பு. வரவு, ஏற்பு என்ற இரண்டு சொல் சேர்ந்தது அது. ஒருவருடைய வரவை ஏற்றுக்கொள்கிறோம். யாரை வரவேற்கிறோம் என்றால் அவர்களை, அனைவரையும். இது இரண்டாம் வேற்றுமை.

அந்த மாணவியின் நாக்கு ஏன் தடுமாறியது என்பது இப்போது விளங்கும். 'அவர்களே' என்று கூப்பிட்ட வேகத்திலேயே 'வரவேற்கிறேன்' என்று முடித்துவிட்டாள். கூப்பிடுவதற்குரிய ஏகாரத்தோடு வேறொரு வினை போய் ஒட்டிக்கொண்டது. 'அனைவருக்கும் வரவேற்கிறேன்' என்பது 'அனைவருக்கும் வணக்கம்' சொல்லிப் பழகிய வாய் செய்த வேலை. "தலைவர் அவர்களே, வருக வருக!" என்று கூப்பிட்டு அங்கேயே நிறுத்தலாம். "தலைவர் அவர்களை வருக வருக என வரவேற்கிறேன்" என்றும் சொல்லலாம். இரண்டையும் கலக்கக் கூடாது.

வீட்டில் இந்தப் பிள்ளைகள் பேசும் தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. "டீச்சர், உள்ள வாங்க" என்று கூப்பிடுவாள். "டீச்சரை வாசல்ல பாத்தேன்" என்பாள். வேற்றுமை உருபு ஒன்றுகூடத் தப்பாது. மேடையில் ஏறியதும் தப்புவதற்குக் காரணம், அந்தச் செந்தமிழை அவள் அதுவரை படித்திருக்கிறாள், தேர்வில் எழுதியிருக்கிறாள், ஆனால் தன் வாயால் தன் வாக்கியமாகச் சொன்னதில்லை. பல மாணவர்களுக்கு ஆண்டு விழா மேடைதான் அந்த முதல் இடம். அதனால் நான் பிள்ளைகளிடம் முதலில் பேச்சுத் தமிழிலேயே கேட்பேன்: "யாரை வரவேற்கப் போற?" "எச்.எம்.மை." அந்த 'ஐ' அவள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் 'தலைமை ஆசிரியர் அவர்களை' என்று ஆக்குகிறோம்.

இந்த மேடைத் தமிழுக்கு வயது அதிகமில்லை. நூறாண்டுக்கு முந்தைய அழைப்பிதழில் தலைவர் என்ற சொல் இருந்திருக்காது. அக்கிராசனாதிபதி என்று இருந்திருக்கும். சொற்பொழிவு அப்போது உபந்நியாசம், பிரசங்கம். நன்றியுரை வந்தனோபசாரம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன் பின்னே வந்த அரசியல் மேடைகளும்தான் வணக்கம், தலைவர், நன்றியுரை போன்ற சொற்களை ஊர்க்கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. மோனை அடுக்கிப் பேசும் பழக்கம் ரா.பி.சேதுப்பிள்ளையின் உரைநடையாலும் அண்ணாவின் மேடைகளாலும் பரவியது. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை வரிசையாகக் கோத்தால் கேட்பவருக்கு இனிக்கும் என்பது ஒரு பக்கம். பேசுபவருக்கு அடுத்த சொல் எது என்று நினைவூட்டும் என்பது இன்னொரு பக்கம். மாணவருக்கு இந்த இரண்டாவது பயன் பெரியது. ஆனால் உரை முழுவதும் மோனையாக இருந்தால் யாருடைய வரவேற்பு எது என்று அடையாளம் தெரியாமல் போய்விடும். தொடக்கத்தில் ஓரிடத்தில் வந்தால் போதும் என்பது என் கணக்கு.

மேடையில் ஐந்து பேர் உட்கார்வதாக இருந்தது. தலைமை ஆசிரியர் தலைமை. மாவட்டக் கல்வி அலுவலர் சிறப்பு விருந்தினர். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் முன்னிலை. ஐந்தாமவர் பள்ளியின் முன்னாள் மாணவர், இப்போது அரசு மருத்துவர். அழைப்பிதழில் எந்த வரிசையில் பெயர் இருக்கிறதோ அதே வரிசையில்தான் உரையிலும் வர வேண்டும். பெரியவர்களின் மனத்தாங்கல் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் பிறக்கிறது. பதினாலு வயதுப் பிள்ளை அந்தச் சுமையைத் தூக்கக் கூடாது. அழைப்பிதழைக் கையில் கொடுத்துவிட்டால் வரிசை அவள் பொறுப்பில்லை, அச்சடித்தவர்களின் பொறுப்பு.

விளிக்கும்போது ஐந்து பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வரவேற்கும்போது மறுபடி ஐந்து பெயரையும் சொன்னால் அதிலேயே பாதி நேரம் போய்விடும். அதனால் விளியில் பதவி மட்டும், வரவேற்பில் பெயர். அவள் கடைசியில் பேசிய விளி இது:

"விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, மேடையை அணிசெய்யும் சான்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, என்னோடு பயிலும் மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்."

ஆறு ஏகாரம், ஒரு 'கு'. இருபது நொடிக்குள் முடிந்துவிடும்.

அடைமொழியில் ஒரு கவனம் வேண்டும். மாண்புமிகு என்பது அமைச்சர்களுக்கு வழங்குவது. நீதிபதி வந்தால் மாண்பமை. முனைவர் பட்டம் பெற்றவரைத் திரு என்று மட்டும் சொன்னால் அவருக்குக் குறையாகப் படும். திருமதியா செல்வியா என்று தெரியாத இடத்தில் திருமிகு என்று சொல்லிவிடலாம். ஆண், பெண் இருவருக்கும் அது பொருந்தும். கிறித்தவப் பள்ளி என்றால் அருட்தந்தை, அருட்சகோதரி என்று வரும். பெயரின் முன்னெழுத்தை அவரவர் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்ல வேண்டும். 'கே' என்பவரை 'க' என்று நாமாக மாற்றினால் அவையில் இருக்கும் உறவினருக்குக்கூட வேறு ஆள் போலக் கேட்கும்.

பிறகு வரவேற்புப் பகுதிக்கு வந்தோம். அவள் கொண்டுவந்த தாளில் சிறப்பு விருந்தினருக்கு இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "பணிச்சுமைகளுக்கு இடையிலும் எங்கள் அழைப்பினை ஏற்று நெடுந்தொலைவிலிருந்து இவ்விழாவிற்கு வருகை தந்து சிறப்புரையாற்றிப் பரிசுகளை வழங்கி எங்களைப் பெருமைப்படுத்தவிருக்கும் சிறப்பு விருந்தினர் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களை வருக வருக என வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்."

இருபத்தாறு சொல். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் வினை கடைசியில்தான் வரும். யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்பதே பதினைந்தாவது சொல்லில்தான் தெரிகிறது. என்ன செய்கிறாள் என்பது கடைசியில். எழுத்தில் கண் முன்னும் பின்னும் போய் வந்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. பேசுபவளுக்கோ மூச்சு 'பெருமைப்படுத்தவிருக்கும்' என்ற இடத்தில் தீர்ந்துவிடும். அங்கே மூச்சு வாங்கினால் அடுத்து வரும் பெயர் அமுங்கும். கேட்டுப் பாருங்கள், மேடையில் மாணவர்கள் தடுமாறும் இடம் எப்போதும் இப்படிப்பட்ட நீண்ட பெயரெச்சத்தின் வால்தான். "மறந்துவிட்டாள்" என்று நாம் நினைப்போம். உண்மையில் மறக்கவில்லை, மூச்சு போதவில்லை.

அவளிடம் கேட்டேன்: "அந்த அதிகாரியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வருஷம் வந்தப்ப நம்ம லைப்ரரில ஒக்காந்து எங்ககூட ஒரு கதை படிச்சாங்க சார்" என்றாள். அதையே எழுதச் சொன்னேன்.

"எங்கள் சிறப்பு விருந்தினர், மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள். சென்ற ஆண்டு எங்கள் நூலகத்தில் எங்களோடு அமர்ந்து ஒரு கதை படித்தவர்கள். அவர்களை எங்கள் பள்ளியின் சார்பில் அன்போடு வரவேற்கிறேன்."

மூன்று சிறு வாக்கியம். முதலில் ஆள், பிறகு அவரைப் பற்றி ஒரே ஒரு செய்தி, பிறகு வினை. ஒவ்வொன்றின் முடிவிலும் மூச்சு வாங்க இடமிருக்கிறது. 'பணிச்சுமைகளுக்கு இடையிலும்' எந்த அதிகாரிக்கும் பொருந்தும். கதை படித்தது இவருக்கு மட்டும்தான் பொருந்தும். ஐந்து பேருக்கும் இப்படி ஒவ்வொரு செய்தி தேடினோம். மேலாண்மைக் குழுத் தலைவருக்கு, மழைக்காலத்தில் ஒழுகிய வகுப்பறையைச் சீர்செய்ய அவர் எத்தனை முறை அலைந்தார் என்பது கிடைத்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பரவாயில்லை, பெயரும் பதவியும் சொல்லி வரவேற்றால் போதும் என்றேன். இல்லாததைப் புனைந்து சொல்வதைவிட அது மேல்.

ஐந்தாமவரிடம் வந்தபோது ஓர் அருமையான இடம் வாய்த்தது. தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. எங்கள் பள்ளி என்றால் கேட்பவர் அதில் சேரவில்லை. நம் பள்ளி என்றால் கேட்பவரும் உண்டு. வெளியிலிருந்து வந்த அதிகாரியிடம் எங்கள் பள்ளி என்பதுதான் சரி. முன்னாள் மாணவரிடம் எங்கள் பள்ளி என்றால் அவரை வெளியே நிறுத்தியதாகிவிடும். அவள் எழுதினாள்: "ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இதே கட்டடத்தில் படித்தவர்கள். இன்று அரசு மருத்துவர். அவர்களை நம் பள்ளிக்கு மீண்டும் வரவேற்கிறேன்." விழாவில் அந்த 'நம்' வந்தபோது மருத்துவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பெற்றோர்களுக்கும் 'நம் பள்ளி' என்றே வைத்தோம்.

அடுத்த நாள் உச்சரிப்பு. வரவேற்புரை முழுக்க ழகரம் நிறைந்தது. விழா, மகிழ்ச்சி, வாழ்த்து, அழைப்பு, தமிழ். அவள் விழாவை 'விளா' என்றாள். விளா என்பது மரம், விளாம்பழம் காய்ப்பது. பள்ளி சில பிள்ளைகள் வாயில் 'பல்லி' ஆகிவிடும். இதைத் திருத்தத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பயனில்லை. நாக்கு எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். லகரத்துக்கு நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அதே போல மடியும், ஆனால் தொடாது. தொட்டால் ள, தொடாவிட்டால் ழ. கண்ணாடி முன்னால் நின்று 'விளா, விழா' என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னேன். ஒரே நாளில் வந்துவிடவில்லை. எல்லாச் சொல்லையும் திருத்த நேரமும் இல்லை. அதனால் உரையில் அதிகம் வரும் விழா, மகிழ்ச்சி இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

சொல்லின் கடைசி மெய்யெழுத்து இன்னொரு சிக்கல். பேச்சுத் தமிழில் 'வந்தேன்' என்பதன் ன் மூக்கொலியாகக் கரைந்துவிடும். அதே பழக்கத்தில் 'வரவேற்கிறே' என்று விட்டால் செந்தமிழ் அங்கேயே நொண்டுகிறது. ன் முழுதாக ஒலித்த பிறகே வாயை மூட வேண்டும். தாளில் எழுதும்போதும் ஒன்று பார்க்க வேண்டும். 'வரவேற்ப்பு' என்று எழுதுகிறார்கள், பதாகைகளில்கூடப் பார்க்கிறேன். ற் என்ற வல்லின மெய்யின் பின்னால் இன்னொரு மெய் வராது. வரவேற்பு என்பதே சரி. பள்ளித் தலைமை ஆசிரியர், மேலாண்மைக் குழு என்ற இடங்களில் ஒற்று மிக வேண்டும். இதை எழுத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒற்று இருந்தால் குரல் அங்கே அழுந்தி இரண்டு சொல்லும் ஒன்றாக ஒலிக்கும். இல்லாவிட்டால் நடுவில் ஓர் ஓட்டை விழும்.

விழா அன்று மாலை நான்கு மணிக்குச் செய்தி வந்தது: மாவட்டக் கல்வி அலுவலர் வரவில்லை, கூட்டத்தில் இருக்கிறார், அவருக்குப் பதிலாக வேறோர் அதிகாரி வருகிறார். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பள்ளியில் இது நடக்கும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், வராத விருந்தினரின் பெயரைச் சொல்லி, அவருடைய இருக்கையில் உட்கார்ந்திருந்தவரை ஒரு மாணவன் வரவேற்றுவிட்டான். பையன்மீது தவறில்லை. முழு உரையையும் ஒரே சரடாக மனப்பாடம் செய்ய வைத்தது நான். நடுவில் ஒரு மணியை மாற்ற அவனால் முடியவில்லை. அன்றிலிருந்து பெயர்களை மனப்பாடம் செய்ய நான் விடுவதில்லை. உரை மனத்தில் இருக்கட்டும், பெயர்கள் கையில் ஓர் அட்டையில் இருக்கட்டும். அஞ்சலட்டை அளவில், ஒரு பெயருக்கு ஒரு வரி, பெரிய எழுத்தில். அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்வது குறையல்ல, பெயர் தப்பிவிடக் கூடாது என்ற மரியாதை அது.

அவளுடைய அட்டையில் இரண்டாவது வரியை அடித்துப் புதுப் பெயரையும் பதவியையும் எழுதினோம். நூலகக் கதை இனிப் பொருந்தாது, எடுத்துவிட்டோம். தாமதமாக வருகிறவர் என்றால் 'வருகை தந்திருக்கும்' என்பதை 'வருகை தரவிருக்கும்' என்று மாற்றவும் சொல்லிவைத்தேன். அது தேவைப்படவில்லை, அவர் நேரத்துக்கு வந்துவிட்டார்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து எல்லாரும் உட்காரும் சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். இதுவும் பயிற்சிதான். நாற்காலிகள் நகரும்போது தொடங்கினால் முதல் விளி யார் காதிலும் விழாது, அந்த முதல் விளிக்கு உரியவர் விழாத் தலைவர். ஒலிவாங்கி அவள் நெற்றி உயரத்தில் இருந்தது. ஒலிபெருக்கிக்காரர் வந்து இறக்கிக் கொடுத்தார். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி என்று சொல்லியிருந்தேன், அப்படியே நின்றாள்.

நிதானமாகப் பேசினாள். மூன்றாவது ஆளிடம் ஒருமுறை நின்றாள், அட்டையைப் பார்த்தாள், தொடர்ந்தாள். கடைசியில் "பெயர் குறிப்பிட்டும் குறிப்பிடாமலும் இங்கே வந்திருக்கும் நம் ஊர் மக்கள் அனைவரையும் வரவேற்று அமர்கிறேன். நன்றி, வணக்கம்" என்றாள். பெயர் விடுபட்டவர்கள் யாராக இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடுவார்கள். அனைவரையும் என்றுதான் சொன்னாள், அனைவருக்கும் என்று அல்ல. விழாவை இரண்டு இடத்தில் விளா என்றாள், மற்ற இடங்களில் சரியாகச் சொன்னாள். மொத்தம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆண்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்ட பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய உரையைப் பிள்ளையிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் அன்றே அந்த மாணவியை அழைத்து, பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் அவளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். அவளுக்கு ஒரு வாரமாவது வேண்டும்.